பதில் எந்தப் படியில் நிற்கிறது?
தமிழைப் பிறமொழியாகக் கற்பவரும் புதுக்கோட்டைப் பேச்சும்

1. கேள்வி

பிறமொழி கற்பவரின் திறனை அளக்க எத்தனையோ தேர்வுகள் வந்துவிட்டன. அவருக்குப் பதில் சொல்பவரின் பேச்சு எவ்வளவு கடினமானது என்பதை அளக்கும் வழக்கம் அரிது. உரையாடல் முறியும் இடமோ பெரும்பாலும் அந்தப் பதில்தான். கேள்வியைக் கற்பவர் முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வர முடியும். பதில் எதிராளியின் வாயிலிருந்து வருவது. அதன் வேகம், சொல், வாக்கிய அமைப்பு எதுவும் கற்பவரின் கட்டுப்பாட்டில் இல்லை. கேள்வியை அழகாகக் கேட்டவருக்கே இந்தத் தொல்லை அதிகம். பிழையில்லாத உச்சரிப்பில் ஒரு கேள்வி வந்தால், எதிரில் இருப்பவர் 'இவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்' என்று எடுத்துக்கொண்டு தம் வழக்கமான வேகத்தில் பதில் சொல்லிவிடுகிறார்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது ஒரே ஒரு வினா. தமிழைப் பிறமொழியாகக் கற்பவருக்கு நாம் தரும் பதில் எந்தப் படியில் இருக்கிறது என்பதை எப்படி அறிவது, தேவைக்கேற்ப அதை எப்படி இறக்குவது, ஏற்றுவது? களம் புதுக்கோட்டை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத் தலைநகரங்களையும் போல இங்கேயும் பேருந்து நிலையத்திலும் மருந்துக் கடையிலும் தமிழில் கேள்வி கேட்கிறார்கள். இந்த மாவட்டத்துக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. அயலார் தமிழ் கற்பதைப் பற்றி மிக ஆழமாக யோசித்தவர்களுள் ஒருவர் இம்மண்ணில் பணியாற்றியிருக்கிறார்.

2. இருக்கும் அளவுகோல்கள்

இன்று உலகெங்கும் புழங்கும் அளவுகோல், ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகம். ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். கற்பவரை அளப்பதற்காக எழுதப்பட்டதாகவே இதைக் கருதுகிறோம். அதன் முதற்படி விளக்கத்தைக் கவனித்துப் படித்தால் வேறொன்று தெரியும். ஏ1 நிலையில் இருப்பவர் எளிய முறையில் உரையாட முடியும், ஆனால் எதிரில் இருப்பவர் மெதுவாகவும் தெளிவாகவும் பேசி உதவ முன்வர வேண்டும் என்பது அதன் சாரம். அதாவது முதற்படியின் வரையறைக்குள்ளேயே பதில் சொல்பவரின் கடமையும் எழுதப்பட்டிருக்கிறது. நான்காம் படியான பி2வை எட்டும்போதுதான் இருதரப்புக்கும் சிரமமில்லாத பேச்சு சாத்தியம் என்கிறது சட்டகம். கற்பவரின் படி ஏற ஏற, பதில் சொல்பவரின் பொறுப்பு குறைந்துகொண்டே போகிறது என்று இதை வாசிக்கலாம்.

இந்தச் சட்டகம் தமிழுக்கு வரும்போது ஓர் இடைவெளி விழுகிறது. கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் என்று திறன்களை அது பிரிக்கிறது. தமிழிலோ பிளவு வழக்குகளுக்கு இடையில்தான் ஆழமாக இருக்கிறது. சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலக மொழியியலாளர் இத்தன்மையைப் பெயரிட்டுப் பேசத் தொடங்கினர். பேச்சுத் தமிழைக் கேட்டு மூன்றாம் படியில் நிற்கும் ஒருவர், அதே செய்தியை வானொலிச் செய்தியாகக் கேட்டால் முதற்படிக்கு விழுந்துவிடுவார். ஐந்தாண்டு தமிழ் படித்த வெளிநாட்டு மாணவர் மதுரையிலோ புதுக்கோட்டையிலோ இறங்கி ஆட்டோக்காரரின் பதில் புரியாமல் நிற்பது இதன் மறுபக்கம்.

இன்னொரு அளவுகோல் வாசிப்பெளிமைச் சூத்திரங்கள். ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வகுத்தது அவற்றுள் புகழ்பெற்றது. சராசரி வாக்கிய நீளம், ஒரு சொல்லுக்கு எத்தனை அசை என்ற இரண்டையும் வைத்துக் கடினத்தைக் கணக்கிடும் முறை அது. ஆங்கிலத்தில் அது ஓரளவு வேலை செய்கிறது. தமிழில் அது வழிதவறும். 'வரச்சொல்லியிருந்தேன்' என்பது ஒரே சொல். ஆனால் அதற்குள் வா, சொல், இரு என மூன்று வினைகளும், காலமும், பேசுபவர் யார் என்பதும் அடங்கியிருக்கின்றன. அச்சொல்லே ஒரு முழு வாக்கியமாகவும் நிற்கும். வாக்கிய நீளத்தை எண்ணினால் மிகச் சிறிய வாக்கியம். புதிதாகக் கற்பவருக்கு மிகப் பெரிய தடை. 'சூப்பர்மார்க்கெட்' என்பதும் நீண்ட சொல்தான். பீகார்க்காரருக்கு அது தடையே இல்லை.

நீளத்தைக் குறைத்தால் எளிமை வந்துவிடும் என்ற நம்பிக்கையைத் தமிழ் வரையில் கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முதல் முடிவு. எதைக் குறைப்பது என்பதற்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது.

3. ஆவூர் வழியே ஒரு முன்மாதிரி

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடக்கெல்லையில், திருச்சிக்குத் தெற்கே இருக்கிறது ஆவூர். மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபையாரின் பழைய நிலையங்களுள் ஒன்று. இத்தாலியில் 1680இல் பிறந்து பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, நாம் வீரமாமுனிவர் என்று அழைப்பவர், பணியாற்றிய இடங்களில் இதுவும் ஒன்று. தேம்பாவணியாலும் எழுத்துச் சீர்திருத்தத்தாலும் அவரை நினைவுகூர்கிறோம். அயலாருக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியராக அவரை நாம் போதிய அளவு வாசிக்கவில்லை.

அவர் தம்மைப் போன்ற ஐரோப்பியர்களுக்காக இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணங்களுள் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று கொடுந்தமிழுக்கு, மற்றது செந்தமிழுக்கு. கொடுந்தமிழ் இலக்கணம் 1728இல் முடிந்து 1738இல் தரங்கம்பாடியில், லுத்தரன் சபையாரின் அச்சகத்தில் வெளிவந்தது. சமயப் போட்டியாளரின் அச்சகத்திலேயே அது அச்சானது என்பதிலிருந்து அதன் தேவை எவ்வளவு உணரப்பட்டது என்று ஊகிக்கலாம்.

இரண்டு நூல்களை எழுதியது வெறும் வசதிக்கான ஏற்பாடா? இதை 'எளியது முதலில், கடினமானது பின்னர்' என்ற பாட வரிசையாகச் சிலர் விளக்கக்கூடும். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. கொடுந்தமிழ் செந்தமிழின் எளிதாக்கப்பட்ட வடிவம் என்றால் அதற்குத் தனி இலக்கணம் எதற்கு? செந்தமிழ் நூலின் முதல் சில இயல்களே போதுமே. தனி நூல் எழுதியதன் பொருள், அது தன் விதிகளோடு நிற்கும் வேறொரு வழக்கு என்று அவர் ஏற்றுக்கொண்டதே. அதே சமயம் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பெஸ்கியின் 'கொடுந்தமிழ்' இன்று நாம் பேச்சுத் தமிழ் என்று சொல்வதோடு முழுதும் ஒத்துப்போவதில்லை. அக்காலத்துப் பொதுவழக்கு உரைநடையும் அதற்குள் அடங்கும். அவரை இன்றைய பேச்சுமொழி ஆய்வின் முன்னோடி என்று நேர்கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவது மிகை.

பரமார்த்த குருவின் கதை இந்த விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. அது இலக்கியமாக எழுதப்பட்டதன்று. தமிழ் கற்பவருக்கான பொதுவழக்கு அகராதியோடு பயிற்சி வாசகமாகச் சேர்க்கப்பட்டது. பின்னர் 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் வெளியிட்டார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களோடு குரு ஆற்றங்கரைக்கு வந்து, ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிக்கும் முதல் நிகழ்ச்சி தமிழ்க் குழந்தைகள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கதையின் வாக்கியங்கள் குட்டை வாக்கியங்கள் அல்ல. அக்கால உரைநடை வழக்கப்படி வினையெச்சங்களால் நீண்டு செல்பவை. 'எடுத்து, போய், தொட்டு, பயந்து, ஓடிவந்து' என்ற வகையில் ஒன்றன்பின் ஒன்றாக வினைகள் அடுக்கப்படும். நீளம்தான் கடினம் என்றால் அது தொடக்கநிலையினருக்கு ஆகாத நூல். ஆயினும் கற்பவர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். காரணம், வினையெச்ச அடுக்கு காலவரிசையில் செல்கிறது. முதலில் நடந்தது முதலில் வருகிறது, அடுத்தது அடுத்து வருகிறது. கேட்பவர் எதையும் மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. நடப்பவை அனைத்தும் கண்ணால் காணக்கூடிய செயல்களும்கூட.

பெயரெச்சம் இதற்கு நேர் எதிரானது. 'நேத்து நீங்க பாத்த கடைக்காரர் சொன்ன பஸ்' என்பது ஐந்தாறு சொற்கள்தான். ஆனால் 'பஸ்' என்ற கடைசிச் சொல் வரும் வரை முன்னால் வந்த அனைத்தும் எதைச் சேர்ந்தது என்று தெரியாது. இந்தியோ ஒடியாவோ பேசுபவருக்குத் தம் மொழியில் 'எந்த... அந்த...' என்று பிரித்துச் சொல்லும் அமைப்பு இயல்பாக இருப்பதால், இது கூடுதல் சுமை. தமிழ்ப் பதிலின் கடினத்தை நிர்ணயிப்பது எத்தனை சொற்கள் என்பதைவிட, பொருள் தெரிவதற்குக் கேட்பவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதே என்று நான் கருதுகிறேன்.

4. ஒரு பதிலைப் பிரித்துப் பார்த்தல்

வகைமாதிரியாக ஓர் உரையாடலை அமைத்துக்கொள்வோம். புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் ஒரு வடமாநில இளைஞர், பெட்டிக்கடைக்காரரிடம் கேட்கிறார்: 'அண்ணே, கீரனூர் பஸ் எங்க நிக்கும்?'

கடைக்காரரின் இயல்பான பதில் இப்படி இருக்கும்: 'இப்பத்தான் ஒண்ணு போயிருச்சு. இன்னும் பத்து நிமிசத்துல திருச்சி வண்டி வந்துரும், அது கீரனூர்ல நின்னுதான் போகும். அந்தா டீக்கடைக்கு எதுத்தாப்ல நிக்கிறாங்கல்ல, அங்க போயி நில்லுங்க.'

இதில் அகராதி தேவைப்படும் அருஞ்சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் கேட்டவர் விழிப்பார். ஏன்?

முதல் தடை மொழியில் இல்லை, ஊர் அறிவில் இருக்கிறது. அவர் கேட்டது கீரனூர், பதிலில் வருவது திருச்சி. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் கீரனூர் இருக்கிறது என்பது தெரிந்தவருக்கு மட்டுமே இந்தப் பதில் பதிலாகும். மற்றவருக்கு, தான் கேட்டது காதில் விழவில்லை போலும் என்றுதான் தோன்றும். கடினத்தை ஆராய்பவர்கள் சொல்லையும் இலக்கணத்தையும் பார்த்துவிட்டு இந்த விடுபட்ட கண்ணியைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

இரண்டாவது தடை துணைவினைகள். 'போயிருச்சு', 'வந்துரும்' ஆகியவற்றில் 'விடு' என்ற துணைவினை பேச்சில் கரைந்து உருமாறி நிற்கிறது. 'போச்சு', 'வரும்' என்று மட்டும் கற்றவருக்கு இவை வேறு சொற்களாகவே ஒலிக்கும். வட்டாரத்துக்கு வட்டாரம் இது மாறுவது வேறு: போயிருச்சு, போயிடுச்சு, போயிட்டுது. பாடநூலில் ஒன்றைக் கற்றவர் ஊரில் மற்றொன்றைக் கேட்கிறார்.

மூன்றாவது 'நிக்கிறாங்கல்ல'. யார் நிற்கிறார்கள் என்பது சொல்லப்படவில்லை. அது கேள்வியா, கூற்றா, இல்லை என்ற மறுப்பா? தமிழருக்கு அது 'பாருங்கள், ஆட்கள் நிற்பது தெரிகிறதல்லவா' என்பது. கற்பவரின் காதில் கடைசியில் ஒலிக்கும் 'இல்ல' மறுப்பாகவே விழும். ஆட்கள் அங்கே நிற்கவில்லை என்று அவர் புரிந்துகொண்டால் குற்றம் சொல்ல முடியாது.

5. இறக்குவதில் நேரும் இரண்டு பிழைகள்

புரியவில்லை என்று தெரிந்ததும் நாம் செய்வது என்ன? படித்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தெளிவாகச் சொல்கிறோம் என்று எண்ணி எழுத்துத் தமிழுக்கு ஏறிவிடுவார்கள். 'திருச்சிராப்பள்ளி செல்லும் பேருந்து வரும். அதில் ஏறிக் கீரனூர் நிறுத்தத்தில் இறங்குங்கள்.' ஒவ்வொரு எழுத்தும் ஒலிக்கிறது, உச்சரிப்பு சீராக இருக்கிறது. ஆனால் 'திருச்சி' 'திருச்சிராப்பள்ளி' ஆகிவிட்டது, எல்லோருக்கும் தெரிந்த 'பஸ்' போய்ப் 'பேருந்து' வந்துவிட்டது, 'செல்லும் பேருந்து' என்று ஒரு பெயரெச்சமும் புகுந்துவிட்டது. இறக்குவதாக எண்ணி ஏற்றியிருக்கிறோம். பள்ளியில் தமிழ் எழுத்து கற்ற வெளிநாட்டு மாணவருக்கு இது உதவும். காதால் மட்டுமே தமிழ் கற்ற தொழிலாளிக்கு உதவாது. வழக்கு ஒரு அச்சு, கடினம் இன்னொரு அச்சு. எவர் எந்த வழக்கில் கற்றாரோ அந்த வழக்கிலேயே நின்றுகொண்டுதான் இறக்க வேண்டும்.

மற்றவர்களிடம் இருக்கும் பழக்கம் மொழியை உடைப்பது. 'நீ அங்க போ. திருச்சி பஸ். ஏறு. கீரனூர் இறங்கு.' அயலாரிடம் பேசும்போது வேற்றுமை உருபுகளையும் வினைமுற்றுகளையும் உதிர்க்கும் இந்த வழக்கம் எல்லா மொழிகளிலும் உண்டு. ஃபெர்குசன் 1970களில் இதை 'அயலார்ப் பேச்சு' என்ற பொருளில் தனியாக ஆராய்ந்தார். நியாயமாகச் சொன்னால், இந்தப் பதில் புரியும். இளைஞர் கீரனூர் போய்ச் சேர்ந்துவிடுவார். ஆயினும் இதை நான் ஏற்கமாட்டேன், இரண்டு காரணங்களுக்காக. முன்பின் தெரியாத, தன்னை 'அண்ணே' என்று மரியாதையாக அழைத்த வளர்ந்த மனிதரை 'நீ' என்பதும் 'ஏறு' என்பதும் அவமதிப்பு. தமிழில் மரியாதை 'ங்க' என்ற ஒரு விகுதியில் இருக்கிறது. அதைச் சேர்ப்பதால் கடினம் ஒரு துளியும் கூடுவதில்லை. இரண்டாவதாக, கற்பவருக்குக் கிடைக்கும் தமிழ் இதுதான். உடைந்த தமிழையே கேட்பவர் உடைந்த தமிழையே பேசுவார். பிறகு அதற்காகவும் அவரைப் பார்த்துச் சிரிப்போம்.

சரியாக இறக்கினால் பதில் இப்படி அமையும்: 'கீரனூர் திருச்சி ரோட்டுல இருக்கு. திருச்சி பஸ் வரும். அந்த பஸ் கீரனூர் போகும். அந்த பஸ்ல ஏறுங்க. கீரனூர்ல எறங்குங்க. அந்த டீக்கடை தெரியுதா? அங்க நில்லுங்க.'

சொற்கள் குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விடுபட்ட கண்ணி முதல் வாக்கியமாகச் சேர்ந்துவிட்டது. 'அது' என்பதற்குப் பதில் 'அந்த பஸ்' என்று பெயரே மீண்டும் மீண்டும் வருகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே வினைமுற்று. துணைவினை இல்லை. போன பஸ்ஸைப் பற்றிய செய்தி நீக்கப்பட்டது, ஏனென்றால் கேட்டதற்கு அது தேவையில்லை. உருபுகளும் மரியாதை விகுதியும் முழுமையாக இருக்கின்றன. ஒரு தமிழ்க் குழந்தையிடமும் இதே வாக்கியங்களைக் கூச்சமில்லாமல் சொல்லலாம். எதுவும் பிழைத் தமிழ் அல்ல. மொழிகற்பித்தல் ஆய்வில் மைக்கேல் லாங் போன்றவர்கள் வெட்டிச் சுருக்குவதையும் விரித்து விளக்குவதையும் பிரித்துப் பார்த்து, விரித்தல் கற்பவருக்கு இருவிதத்திலும் உதவுகிறது என்று வாதிட்டார்கள்: அப்போதைக்குப் புரியவும் செய்யும், மொழியும் சிதையாமல் காதில் விழும். தமிழுக்கு அந்த வாதம் நன்றாகவே பொருந்துகிறது.

மறுப்பு வாக்கியங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், அங்கே பிழை ஆபத்தாகலாம். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. மருந்துக் கடையில், 'இந்த மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடக் கூடாது' என்கிறார் விற்பவர். கற்பவர் பிடித்துக்கொள்வது 'மாத்திரை', 'சாப்பாடு', 'முன்னாடி', 'போட'. கடைசிச் சொல் பின்வாசல் வழியே போய்விட்டால், சொன்னதற்கு நேர் எதிரானதை அவர் செய்வார். இங்கே இறக்குவது என்றால் மறுப்பை உடன்பாடாக்கி, காலவரிசையில் வைப்பது: 'முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் இந்த மாத்திரை போடுங்க.' பரமார்த்த குரு கதையின் வினையடுக்கு பின்பற்றிய அதே வரிசை.

6. ஏற்றுவது

இறக்கிய பதிலிலேயே நின்றுவிட்டால் கற்பவர் வளரமாட்டார். ஆறு மாதம் கழித்து அதே இளைஞருக்கு அதே குட்டை வாக்கியங்களைச் சொல்வது அவருடைய உழைப்பை மதிக்காதது. ஏற்றுவதற்கு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது நான் முன்வைக்கும் வழி.

முதலில் இரண்டு செயல்களைக் காலவரிசை கெடாமல் இணைக்கலாம்: 'திருச்சி பஸ்ல ஏறி கீரனூர்ல எறங்குங்க.' இது எளிய ஏற்றம். வரிசை அப்படியே இருக்கிறது. அடுத்து நிபந்தனை: 'திருச்சி பஸ்ல ஏறுனா கீரனூர்ல எறங்கலாம்.' இங்கே 'எறங்கலாம்' என்பதில் கட்டளை போய் வாய்ப்பு வந்துவிட்டது. கேட்பவர் தாமே முடிவெடுக்க வேண்டும். அதற்கும் மேலே பெயரெச்சம்: 'கீரனூர்ல நிக்கிற பஸ்ஸா பாத்து ஏறுங்க.' இது முன்னதைவிடக் குட்டை, ஆனால் கடினம். சில திருச்சி வண்டிகள் கீரனூரில் நிற்காமலும் போகலாம் என்ற செய்தி அந்த ஒற்றை 'நிக்கிற'வில் மறைந்திருக்கிறது. பிறகுதான் 'போயிருச்சு', 'வந்துரும்' போன்ற துணைவினைகளும், 'நிக்கிறாங்கல்ல' போன்ற இழுப்புகளும், சொல்லாமல் விட்ட கண்ணிகளும். ஊர்க்காரரின் இயல்பான பதில் இந்த ஏணியின் உச்சியில் இருக்கிறது. அதைத்தான் முதல் நாளே ஒருவரிடம் சொல்லிவிடுகிறோம்.

பெரும்பாலான பாடநூல்கள் சொற்பட்டியலை ஏற்றிக்கொண்டே போகின்றன; வாக்கிய அமைப்பை ஏற்றும் வரிசையில் தெளிவு குறைவு. ஹெரால்ட் ஷிஃப்மன் பேச்சுத் தமிழுக்கென்றே 1999இல் வெளியிட்ட இலக்கணம் துணைவினைகளுக்கும் அவற்றின் பேச்சு உருவங்களுக்கும் உரிய இடம் தருகிறது. மைசூரில் 1969இல் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், பிற மாநில ஆசிரியர்களுக்குத் தென்மொழிகளைக் கற்பிக்கும் பத்து மாதப் பயிற்சியை நடத்திவந்திருக்கிறது. அறிவு இல்லாமல் இல்லை. அது பேருந்து நிலையம் வரை வந்து சேரவில்லை.

7. எந்தப் படி என்று அறிவது

இத்தனையும் செய்வதற்கு முன், கற்பவர் எந்தப் படியில் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். 'புரியுதா?' என்று கேட்பது பயன் தராது. 'ம்' என்றோ 'புரியுது' என்றோ பதில் வரும். அது மரியாதைக்குச் சொல்லப்படுவது. 'எந்த பஸ்ல ஏறுவீங்க?' என்று கேட்டால் தெரிந்துவிடும். 'திருச்சி' என்று சொன்னால் பதில் சரியான படியில் இருந்தது. 'கீரனூர் பஸ்' என்று சொன்னால் கண்ணி சேரவில்லை. நம் கடைசிச் சொல்லையே திருப்பிச் சொன்னால் மொழியே எட்டவில்லை. 'காலையிலயா சாயங்காலமா?' என்ற கேள்விக்கு 'ஆமா' என்று வரும் விடையும் அதே பொருள் தருவது.

வகுப்பறைக்கு இதைவிடத் துல்லியமான ஒரு அளவு தென்னிந்தியாவிலேயே உருவாக்கப்பட்டது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தலில் ஒரு திட்டத்தை நடத்தினார். இலக்கணப் பட்டியல் இல்லாமல், கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்து மாணவர்கள் சிக்கல்களுக்கு விடை காண்பதே பாடம். எந்தப் பணி எந்த வகுப்புக்குப் பொருந்தும் என்பதற்கு அவர் வைத்த அளவு மிக எளிது: வகுப்பில் குறைந்தது பாதிப்பேர், பணியில் குறைந்தது பாதியைச் சரியாகச் செய்தால் அது தகுந்த கடினம். அதற்குக் கீழே போனால் மறுநாள் இறக்க வேண்டும். முழு வகுப்பும் முழுதும் சரியாகச் செய்தால் ஏற்ற வேண்டும். ஆசிரியர் தம் பேச்சை முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்வதில்லை. மாணவர் திணறும் இடத்தில் திரும்பச் சொல்வார், வேறு சொல்லில் சொல்வார், கேள்வியைச் சிறு கேள்விகளாக உடைப்பார்.

இந்த அளவைத் தனி உரையாடலுக்கு அப்படியே எடுத்துவர முடியாது. பெட்டிக்கடையில் வகுப்பு இல்லை. ஆனால் அதன் அடிப்படை எடுத்துவரக்கூடியது. கடினம் என்பது பதிலுக்குள் மட்டும் இருக்கும் பண்பு அல்ல, பதிலுக்கும் கேட்பவர் அடுத்துச் செய்யும் செயலுக்கும் இடையில் தெரியவருவது. வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'இது ஏ2' என்று முத்திரை குத்துவது பாதி வேலைதான். பிரபுவின் முறைக்கும் ஒரு வரம்பு உண்டு. பாதியளவு புரிந்தால் போதும் என்பது வகுப்பறையில் சரி. மாத்திரை விஷயத்தில் பாதி புரிவது புரியாததைவிட மோசம். அங்கே முழுதும் புரியும் வரை இறக்கியே ஆக வேண்டும்.

கற்பவரின் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. படியை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கான வாக்கியங்களை அவர் முதல் வாரத்திலேயே கற்க வேண்டும்: 'மெதுவா சொல்லுங்க', 'இன்னொரு தடவ சொல்லுங்க', 'அப்படின்னா என்ன?' இவற்றிலும் வேறுபாடு உண்டு. 'மெதுவா' என்றால் வேகம் மட்டும் குறையும். அமைப்பு அப்படியே இருக்கும். 'இன்னொரு தடவ' என்றால் பெரும்பாலானவர்கள் அதையே சத்தமாகச் சொல்வார்கள். 'திருச்சி பஸ் கீரனூர் போகுமா?' என்று தான் பிடித்த ஒரு துண்டைக் கேள்வியாகத் திருப்பிப் போடுவதுதான் பதிலை உண்மையில் இறக்கும், ஏனென்றால் எதிராளி 'ஆமா, போகும்' என்று ஒரே வினையில் முடிக்கலாம். எந்தப் படியில் பேச வேண்டும் என்பதற்கு மாதிரியையும் கேள்வியே கொடுத்துவிடுகிறது.

8. முடிவும் ஒரு கோரிக்கையும்

புதுக்கோட்டை மாவட்டம் 1991இல் அறிவொளி இயக்கத்தைக் கண்டது. பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்ற அந்த நாட்களில், தமிழ் பேசுபவருக்கே பாடநூல் தமிழ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது கற்பித்த தொண்டர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த அனுபவம் உள்ள பலர் இன்னும் இம்மாவட்டத்தில் இருக்கிறார்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் இங்கே வேலை செய்து, மருந்து வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் காலத்தில் அவர்களின் துணை தேவை.

வடமாநிலத் தொழிலாளர்களுக்கென்று அச்சிடப்படும் தமிழ்க் கையேடுகளைப் பார்க்கும்போது, அவை கேள்விகளால் நிறைந்திருக்கின்றன: பஸ் எங்கே, விலை என்ன, மருத்துவமனை எங்கே. வரப்போகும் பதில்கள் இல்லை. இருந்தாலும் எழுத்துத் தமிழில் இருக்கின்றன. கையேடு தொகுப்போர் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, இந்த வட்டாரப் பேச்சிலேயே, மூன்று படிகளில் பதில் எழுதிச் சேர்க்க வேண்டும்: தனி வினைகளால் ஆன பதில், இணைத்த பதில், ஊர்க்காரரின் இயல்பான பதில். அதன் ஒரு பக்கத்தைத் தமிழிலேயே அச்சிட்டு மருந்துக் கடைகளிலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டலாம். அந்தப் பக்கம் பதில் சொல்லும் நமக்கானது.